ரியால் அசையாமல் நிற்கிறது, ரூபாவால் ஏன் முடியவில்லை?

"சேர், நான் தோஹாவில் வேலை செய்கிறேன், ஊர் கல்முனை. இங்கே ரியால் எப்பவும் ஒரு டொலருக்கு 3.64தான், அசையிறதே இல்லை. நம்மட ரூபாவை மட்டும் ஏன் அப்படிக் கட்டி வைக்க ஏலாது? 2021இல 200க்கு வச்சிருந்தாங்கதானே? அதை விட்டதாலதானே இவ்வளவு பிரச்சினையும்?"

தம்பி, இலங்கை ரூபாவையும் கட்டி வைக்கலாம். கட்டார் அதற்கு ஒரு விலை கொடுக்கிறது, எல்லா நாளும் கொடுக்கிறது. 2021இல் நாங்கள் அந்த விலையைக் கொடுக்காமலே 200ஐப் பிடித்து வைத்திருக்கப் பார்த்தோம். மார்ச் 2022இல் அதை விட்டதால் பிரச்சினை வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பிரச்சினை அதற்கு முன்னமே வந்து, டொலர் முழுவதையும் தின்று முடித்துவிட்டது. விட்டது அதன் கடைசிக் கட்டம்.

முதலில் அந்த விலை என்னவென்று பார்ப்போம். ஒரு நாட்டின் மத்திய வங்கி பொதுவாக மூன்று காரியங்களை விரும்பும். தன் நாணயத்தின் பெறுமதி டொலருக்கு எதிராக நிலையாக நிற்க வேண்டும். உள்ளூர் வட்டி வீதத்தை உள்ளூர்த் தேவைக்கு ஏற்றபடி தானே தீர்மானிக்க வேண்டும். பணம் நாட்டுக்குள் வரவும் வெளியே போகவும் தடை இருக்கக் கூடாது. 1960களின் தொடக்கத்தில் ரொபர்ட் மண்டெல், மார்கஸ் ஃபிளெமிங் என்ற இருவரும் தனித்தனியாகச் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த முடிவு, இந்த மூன்றில் இரண்டுதான் ஒரு நேரத்தில் கிடைக்கும் என்பது. சாத்தியமற்ற மும்மை என்று இதைச் சொல்வார்கள்.

காரணம் எளிது. டொலர் 200இலேயே நிற்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள், பணம் தாராளமாகப் போய்வரலாம் என்று வையுங்கள். அமெரிக்காவில் வட்டி 5 வீதம், இங்கே மத்திய வங்கி 2 வீதத்துக்கு வைத்திருக்கிறது. யார் ரூபாவில் பணத்தை வைத்திருப்பான்? எல்லோரும் ரூபாவை விற்று டொலர் வாங்கப் போவார்கள். 200இல் நிறுத்த வேண்டுமென்றால் மத்திய வங்கி தன் கையிருப்பிலிருந்து டொலர் விற்றுக்கொண்டே இருக்க வேண்டும், கையிருப்பு முடியும்வரை. முடியாமல் காப்பாற்ற ஒரே வழி, இங்கேயும் வட்டியை 5க்குக் கொண்டுபோவது. அப்படிச் செய்தால் வட்டி நம் கையில் இல்லை.

கட்டாரும் சவூதியும் செய்வது இதுதான். சவூதி ரியால் 1986இலிருந்து டொலருக்கு 3.75. பணம் போய்வரத் தடை பெரிதாக இல்லை. ஆகவே வட்டியை அமெரிக்காவிடம் விட்டுக்கொடுத்துவிட்டார்கள். 2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கி, 2023 ஜூலையில் 5.25–5.50 வீதத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. அதே காலத்தில் சவூதி தன் வட்டியை 1 வீதத்திலிருந்து 6 வீதத்துக்கு ஏற்றியது. அந்த நாட்களில் எண்ணெய் விலை உயர்ந்து சவூதிப் பொருளாதாரம் நன்றாக ஓடியது, பணவீக்கமும் அங்கே பெரிதில்லை. இருந்தும் ஏற்றினார்கள். அமெரிக்கா ஏற்றினால் அவர்களும் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். அங்கே வீட்டுக்கடன் எடுத்தவன் வாஷிங்டனில் எடுத்த முடிவுக்கு வட்டி கட்டுகிறான்.

அவர்களால் அதைத் தாங்க முடிவதற்கும் காரணங்கள் உண்டு. எண்ணெயும் எரிவாயுவும் டொலரில் விற்கிறது, அரசாங்கத்தின் வருமானமே டொலர். கையிருப்பும் மலைபோல. 2014இல் எண்ணெய் விலை விழுந்தபோது சவூதியிடம் 700 பில்லியன் டொலருக்கு மேல் ஒதுக்கு இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் 200 பில்லியனுக்கு மேல் கரைந்தும் ரியால் 3.75ஐ விட்டு அசையவில்லை. இன்னொரு காரணத்தை நீங்கள் அங்கேயே பார்த்திருப்பீர்கள். நாணயத்தை இறக்க முடியாத நாட்டில் மந்தம் வந்தால் வேறு எங்காவது அதை இறக்கி வைக்க வேண்டும். வளைகுடாவில் அது வெளிநாட்டு வேலையாட்களின் தலையில் இறங்குகிறது. ஒப்பந்தம் முடிகிறது, விசா முடிகிறது, விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். 2020இல் காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் சம்மாந்துறைக்கும் திரும்பி வந்த பிள்ளைகள் ரியாலின் அந்த நிலைத்தன்மைக்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்தார்கள் என்பது என் எண்ணம். நம் நாட்டில் மந்தம் வந்தால் வேலை இழந்தவனை எங்கே ஏற்றி அனுப்புவது?

சரி, இனி 200 ரூபாவுக்கு வருவோம். 2020 ஜூலையில் இலங்கை மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை, வங்கிகள் தன்னிடம் வைக்கும் பணத்துக்கு 4.50, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கு 5.50 வீதம் என்று மிகக் கீழே இறக்கியது. கொரோனா காலம், வட்டியைக் குறைத்ததைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் 2019 இறுதியில் வரியையும் வெட்டியிருந்தார்கள். பெறுமதி சேர் வரி 15இலிருந்து 8 வீதமானது. அரசாங்கத்துக்குப் பணம் போதவில்லை. அரசாங்கம் குறைந்த வட்டிக்கு ட்ரெஷரி பில் என்ற குறுகிய காலக் கடன் பத்திரத்தை விற்கப் பார்த்தபோது அந்த வட்டிக்கு வாங்க ஆள் குறைவு. மிச்சத்தை மத்திய வங்கி வாங்கியது, அதாவது புதிதாக ரூபா உண்டாக்கிக் கொடுத்தது. 2019 இறுதியில் மத்திய வங்கியிடம் இருந்த அரச பத்திரங்கள் 100 பில்லியன் ரூபாவுக்கும் குறைவு. 2021 இறுதியில் அது 1.4 டிரில்லியன் அளவில் நின்றது. இதே நேரத்தில் டொலரை 200க்கும் 203க்கும் இடையில் இறுக்கிப் பிடித்தார்கள்.

நிலையான டொலர், தாழ்ந்த வட்டி. இரண்டையும் ஒன்றாக எடுத்தாகிவிட்டது. அப்படியானால் மூன்றாவதைக் கைவிட வேண்டும், பணம் வெளியே போகும் கதவை மூட வேண்டும். மூடவும் பார்த்தார்கள். வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலேயே நின்றது. மஞ்சள் நின்றது, ஒரு கிலோ மஞ்சளுக்கு வீட்டுப் பெண்கள் பட்ட பாடு நினைவிருக்கும். வெளிநாட்டுக்கு முதலீடாகப் பணம் அனுப்பத் தடை. 2021 செப்டெம்பரில் 623 வகைப் பொருட்களை இறக்க முழுத்தொகையையும் முன்கூட்டியே வங்கியில் கட்ட வேண்டும் என்றார்கள். தாளில் பார்த்தால் கதவு மூடித்தான் இருந்தது.

பிறகும் டொலர் எப்படிப் போனது? இதை ஓர் உதாரணக் கணக்கில் பாருங்கள். ஒரு மாதத்தில் இறக்குமதியாளர்களுக்கு 100 மில்லியன் டொலர் போதாமல் இருக்கிறது. மத்திய வங்கி தன் ஒதுக்கிலிருந்து அதை 200 ரூபாப்படி விற்கிறது. இறக்குமதியாளர்கள் 20 பில்லியன் ரூபாவை மத்திய வங்கிக்குக் கட்டுகிறார்கள். அந்த 20 பில்லியன் ரூபா வங்கிகளின் கையிலிருந்து மறைந்துவிடுகிறது. வங்கிகளுக்குள் ரூபா தட்டுப்பாடு வரும், ஒன்றுக்கொன்று கொடுக்கும் ஒரு நாள் கடனின் வட்டி ஏறும், பிறகு உங்கள் ஊரில் லீசிங் வட்டியும் நகை அடகு வட்டியும் ஏறும். கடன் குறையும், சாமான் வாங்குவது குறையும், இறக்குமதியும் குறையும். அடுத்த மாதம் 100 மில்லியன் தேவைப்பட்ட இடத்தில் 60 மில்லியன் போதும். கட்டாரில் நடப்பது இந்த ஓட்டம்தான், யாரும் தடுப்பதில்லை.

நாங்கள் தடுத்தோம். வட்டி ஏறக் கூடாது என்று மத்திய வங்கி அந்த 20 பில்லியனுக்கு ட்ரெஷரி பில் வாங்கி, எடுத்த ரூபாவை அப்படியே திரும்ப உள்ளே விட்டது. வட்டி ஏறவில்லை, கடன் குறையவில்லை, இறக்குமதியும் குறையவில்லை. அடுத்த மாதம் மறுபடி 100 மில்லியன் தேவை. மத்திய வங்கியின் புத்தகத்தில் டொலர் குறைந்துகொண்டே வருகிறது, அந்த இடத்தில் அரசாங்கத்தின் பத்திரம் நிரம்பிக்கொண்டே வருகிறது, நாட்டில் புழங்கும் ரூபா மட்டும் குறையவே இல்லை. இது எத்தனை மாதம் ஓடும் என்பது கையிருப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்தது, வேறொன்றையும் பொறுத்ததல்ல. 2019 இறுதியில் 7.6 பில்லியன் டொலர் இருந்தது. 2021 நவம்பர் முடிவில் 1.6 பில்லியனுக்கு வந்துவிட்டது. டிசம்பரில் 3.1 என்று காட்டினார்கள், ஆனால் அதில் பாதியளவு சீன மத்திய வங்கியுடன் செய்த யுவான் பரிமாற்றம். அதை எடுத்து எண்ணெய்க் கப்பலுக்குக் கட்ட முடியாது.

இதற்குள் வெளிநாட்டுக் கடன் தவணையும் உண்டு. அதை மறைத்து எல்லாப் பழியையும் மும்மையின் மேல் போடுவது நியாயமில்லை. 2022 ஜனவரி 18இல் மட்டும் 500 மில்லியன் டொலர் முறிக்கடனைக் கட்டினார்கள், அரிசி, பருப்பு, மருந்து ஏற்றிய கொள்கலன்கள் துறைமுகத்தில் டொலருக்குக் காத்திருந்த நேரத்தில். சுற்றுலா வருமானமும் இல்லை. ஆனாலும் கடனும் கொரோனாவும் மட்டும் இருந்திருந்தால் நீங்கள் அனுப்பும் பணம் குறைந்திருக்காது. அது குறைந்தது 200 என்ற விலையால்.

நான் அப்போது கல்முனையில் ஒரு வங்கிக் கிளையில் வெளிநாட்டுப் பணம் வரும் பக்கத்தில் இருந்தேன். 2021 கடைசியில் வெளியே ஒரு டொலர் 240 ரூபாவைத் தொட்டது, எங்கள் பலகையில் 200. மகன் தோஹாவிலிருந்து 1,000 ரியால் அனுப்பினால் அது ஏறத்தாழ 275 டொலர். எங்களிடம் வந்தால் 55,000 ரூபா. வங்கிக்கு வெளியே பணத்தைக் கைமாற்றித் தரும் உண்டியலில் போட்டால் 66,000. அந்த 11,000 ரூபா வித்தியாசத்தில் ஒரு வீட்டுக்கு எத்தனை நாள் சாப்பாடு என்று தாய்மாருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வங்கிகள் வழியாக அனுப்பினால் டொலருக்கு 2 ரூபா கூட என்றார்கள், டிசம்பரில் இன்னும் 8 ரூபா சேர்த்தார்கள். பத்து ரூபாவைக் காட்டி நாற்பது ரூபாவை மறக்கச் சொன்னால் யார் மறப்பார்? ஒரு தாய் கவுண்டரில் நின்று, "பக்கத்து வீட்டு மகனும் அதே ஆயிரம்தான் அனுப்பினான், அவவுக்குக் கூடக் கிடைச்சிருக்கு, உங்கட மெஷின்ல பிழையா?" என்று கேட்டார். அடுத்த மாதத்திலிருந்து அவரை வங்கியில் காணவில்லை.

உண்டியலில் போட்ட பணம் நாட்டுக்குள் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் ரியால் தோஹாவில் ஒருவன் கையில் நிற்கிறது. கொழும்பில் ஓர் இறக்குமதியாளனுக்கு டுபாயில் சாமான் வாங்க வெளிநாட்டுப் பணம் தேவை, விற்பவனுக்குப் பணம் கிடைக்கும் என்று வங்கி கொடுக்கும் உத்தரவாதமான எல்சியைத் திறக்க வங்கியில் டொலர் இல்லை. அவன் இங்கே ரூபாவைக் கொடுக்கிறான், அந்த ரூபாதான் மோட்டர்சைக்கிளில் உங்கள் வீட்டுக்கு வருகிறது. அங்கே உங்கள் ரியால் அவனுடைய சாமானுக்குப் போகிறது. சாமான் வருகிறது, ரூபா கைமாறுகிறது, வங்கிக்கு ஒரு சதம் டொலரும் வரவில்லை. எல்லையைத் தாண்டி எந்தப் பணமும் போகவில்லை, ஆகவே எந்தக் கட்டுப்பாடும் மீறப்பட்டதாகக் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் விளைவு, அந்த டொலர் நாட்டுக்குள் வந்து உடனே வெளியே போனது போலத்தான். வியாபாரத்துக்கும் தொழிலாளர் பணத்துக்கும் திறந்திருக்கிற ஒரு நாட்டில் முதலீட்டுக் கதவை மட்டும் மூடுவது இந்த அளவுக்குத்தான் வேலை செய்யும். வங்கிகள் வழியாக வந்த தொழிலாளர் பணம் 2020இல் 7.1 பில்லியன் டொலர், 2021இல் 5.5, 2022இல் 3.8. கொரோனாவின் உச்ச ஆண்டில் அதிகம் வந்தது, அதற்குப் பிறகுதான் விழுந்தது.

ஏற்றுமதியாளர்களும் அதே கணக்கைத்தான் போட்டார்கள். கையில் 1,000 டொலர் உள்ளவன் அதை மாற்றி 200,000 ரூபாவை ஆண்டுக்கு 6 வீத வட்டிக்குப் போட்டால் ஆறு மாதத்தில் 206,000. மாற்றாமல் பிடித்துவைத்து, இடையில் ரூபா 230க்கு விழுந்தால் 230,000. விழாவிட்டால் இழப்பு 6,000 ரூபா. விழும் என்று ஊரே பேசும்போது எவன் மாற்றுவான்? இறக்குமதியாளன் தலைகீழாக, நாளைக்கு வாங்க வேண்டிய டொலரை இன்றைக்கே வாங்கப் பார்ப்பான். இப்படி ஒரு பயம் வந்துவிட்டால் 200ஐக் காக்க வட்டியை மிக மேலே ஏற்ற வேண்டும். 2021 ஆகஸ்டில் அரை வீதம், 2022 ஜனவரியில் அரை வீதம் ஏற்றினார்கள். அது அந்தப் பயத்துக்கு முன்னால் ஒன்றுமில்லை.

2022 மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி 230வரை போகலாம் என்றது. சில நாளில் அந்த எல்லையும் போனது, மே மாதம் 360 அளவில் நின்றது. ஏன் 240இல் நிற்கவில்லை என்று கேட்பீர்கள், உண்டியல் விலை அதுதானே. 240 என்பது மத்திய வங்கியிடம் இன்னும் கொஞ்சம் டொலர் இருந்த நாளின் விலை. விட்ட நாளில் சந்தையைத் தாங்கக் கையிருப்பு இல்லை, வட்டி இன்னும் 7.50 வீதத்துக்குள், ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் கட்ட மாட்டோம் என்ற அறிவிப்பும் வந்தது. கையில் 6 பில்லியன் இருந்த காலத்தில், வட்டியையும் ஒரே நேரத்தில் ஏற்றி, மெல்ல விட்டிருந்தால் இவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்காது என்றே நினைக்கிறேன். கொழும்பில் பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 வீதம். அரச சம்பளக்காரனுக்கும் அம்பாறையில் நெல் அறுத்த கூலிக்காரனுக்கும் அது ஒரு வரியாகவே விழுந்தது, யாரும் சட்டம் போடாத வரி.

பிறகு என்ன மாறியது? 2022 ஏப்ரல் 8இல் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 வீதப் புள்ளிகள் ஏற்றி 13.50, 14.50 ஆக்கியது. வங்கி விலையும் வெளி விலையும் நெருங்கின. தாய்மார் கவுண்டருக்குத் திரும்பி வந்தார்கள். அவர்களுக்குத் தேசபக்தி விளம்பரம் தேவைப்படவில்லை, விலை சரியானதும் வந்தார்கள். 2024இல் தொழிலாளர் பணம் 6.6 பில்லியனுக்கு ஏறியது, அந்த ஆண்டு முடிவில் டொலர் 300க்குக் கீழே வந்துவிட்டது. மிதக்கும் நாணயம் என்றால் கீழே மட்டும்தான் போகும் என்பவர்களுக்கு இது பதில்.

இன்று 300இல் கட்டி வைக்கலாமா என்றால், கட்டலாம். இலங்கைக்கு அது புதிதும் அல்ல. 1884இலிருந்து 1950இல் மத்திய வங்கி வரும்வரை இங்கே கரன்சி போர்ட் இருந்தது. ரூபா இந்திய ரூபாவோடு ஒன்றுக்கொன்று கட்டப்பட்டிருந்தது, வெளியே இருக்கும் சொத்துக்கு ஈடாக மட்டுமே ரூபா அச்சடிக்க முடியும். அதே முறைக்குப் போனால் வட்டி அமெரிக்காவின் கையில். வெள்ளம் வந்து வேளாண்மை அழிந்தாலும், அமெரிக்காவில் வட்டி ஏறினால் இங்கேயும் ஏறும். அரசாங்கத்துக்குப் பற்றாக்குறை வந்தால் அச்சடிக்க முடியாது, வங்கி ஒன்று தடுமாறினால் மத்திய வங்கி கைகொடுப்பதும் கஷ்டம். தேர்தல் ஆண்டில் இதையெல்லாம் பொறுக்கும் அரசாங்கத்தை நான் இன்னும் பார்க்கவில்லை, ஆகவே இங்கே மிதக்க விடுவதுதான் நல்லது என்பது என் பக்கம். 2023இன் மத்திய வங்கிச் சட்டம் அரசாங்கத்துக்கு நேரடியாக அச்சடித்துக் கொடுப்பதைத் தடுத்திருக்கிறது, பணவீக்க இலக்கை 5 வீதம் என்று வைத்திருக்கிறார்கள். முழுவதும் மிதக்கவும் இல்லை; மத்திய வங்கி சந்தையில் டொலர் வாங்கி ஒதுக்கு சேர்க்கிறது, முதலீட்டுப் பணம் வெளியே போக இன்னும் கட்டுப்பாடு உண்டு. மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுப்பது தப்பில்லை. இரண்டை முழுதாக எடுத்துவிட்டு மூன்றாவதும் வேண்டும் என்று நிற்பதுதான் முடியாதது.

நீங்கள் தோஹாவில் இருந்தே இதைக் கவனிக்கலாம். பணம் அனுப்பும்போது வங்கி விலையையும் உண்டியல்காரன் சொல்லும் விலையையும் பாருங்கள். ஒன்றிரண்டு ரூபா வித்தியாசம் எப்போதும் இருக்கும். அது ஐந்து, பத்து, இருபது என்று மாதத்துக்கு மாதம் விரிந்தால், பலகையில் உள்ள விலை யாரோ பிடித்து வைத்திருக்கிற விலை. அதே நேரம் ஊரில் கடைக்காரர் வங்கியில் எல்சி திறக்க இழுத்தடிக்கிறார்கள் என்று சொன்னால், மத்திய வங்கியிடம் இருக்கும் ட்ரெஷரி பில் ஏறி ஒதுக்கு இறங்கினால், வட்டி மட்டும் அசையாமல் நின்றால், 2021 மறுபடி தொடங்கிவிட்டது. மத்திய வங்கி ஒதுக்கின் கணக்கை மாதாமாதம் வெளியிடுகிறது. அதில் சீன யுவான் பரிமாற்றத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.